186 வரி லைன் லிஸ்ட் 14 ஆகச் சுருங்கிவிட்டது, க்ளஸ்டர் இருக்கிறதா இல்லையா?

ஐசியு_செவிலி, காரைக்குடி | திங்கள், இரவு 9.40

வணக்கம். காரைக்குடிப் பக்கம் நூறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை கமிட்டி கூட்டம். மார்ச், ஏப்ரல் இரண்டு மாத பாசிட்டிவ் கல்ச்சர்களை லேப் சாஃப்ட்வேரிலிருந்து CSV-ஆக எடுத்தேன். மொத்தம் 186 வரி. வார்டு, கிருமி, வாரம் என்று பிவட் போட்டுப் பார்க்கலாம் என்றால், தேதியைக் குழுவாக்கச் சொன்னதும் எக்செல் `Cannot group that selection` என்கிறது.

கூட வேலை பார்க்கும் ஒருவர், சில தேதிகள் டெக்ஸ்டாக இருக்கின்றன, அவற்றை நீக்கிவிடு என்றார். நீக்கினேன், 74 வரி மிஞ்சியது. இப்போது குழு ஆகிறது, ஆனால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எல்லா மாதமும் வருகிறது. லேபில் தப்பாக டைப் செய்திருப்பார்கள் என்று மார்ச், ஏப்ரலை மட்டும் வைத்துக்கொண்டேன். 14 வரி. அதில் க்ளஸ்டர், அதாவது ஒரே கிருமி அடுத்தடுத்துப் பலருக்கு வருவது, எதுவும் இல்லை.

நிம்மதியாகத் தூங்கலாம்தான். ஆனால் எங்கள் ஐசியு டாக்டர் இரண்டு வாரமாக "என்னமோ சரியில்லை, ஒரே மாதிரி கல்ச்சர் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். 14 வரியை வைத்துக்கொண்டு அவரிடம் "ஒன்றுமில்லை டாக்டர்" என்று சொல்ல மனசு வரவில்லை.

எக்செல்_தம்பி | திங்கள், இரவு 10.05

அக்கா, அவர் சொன்னதைக் கேட்டு நீக்கியது பெரிய தப்பு. டெக்ஸ்டாக இருப்பவைதான் சரியான தேதிகள்! உங்கள் கணினி அமெரிக்க முறையில் இருக்கிறது, அதாவது மாதம் முன்னால், நாள் பின்னால். லேப் கொடுத்தது நம் முறையில். 26/03/2025 என்று வந்தால் 26-ஆவது மாதம் கிடையாது, அதனால் எக்செல் தொடாமல் டெக்ஸ்டாக விட்டுவிடும். 02/04/2025 என்று வந்தால் பிப்ரவரி 4 என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதிக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை வருடம் முழுக்கத் தூவி விட்டிருக்கிறீர்கள்.

பழைய ஃபைல் இருந்தால் பக்கத்து காலத்தில், அதாவது நெடுவரிசையில், இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(D2),
  DATE(YEAR(D2),DAY(D2),MONTH(D2)),
  DATE(RIGHT(D2,4),MID(D2,4,2),LEFT(D2,2)))
```

அப்புறம் `Remove Duplicates` கொடுத்தால் ஒரே நோயாளி இரண்டு முறை வருவது போய்விடும். பத்து நிமிட வேலை.

பேரேட்டுக்காரர், கானாடுகாத்தான் | திங்கள், இரவு 10.30

ஆத்தா, எந்த வார்டு என்று சொல்லவில்லையே. எங்கள் தெருவிலும் நாலு வீட்டில் காய்ச்சல். வார்டு வாரியாகப் பட்டியல் எடுக்கிறீர்கள் என்றால் எங்கள் வார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐசியு_செவிலி | திங்கள், இரவு 10.41

ஐயா, இது ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற வார்டு. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, ஐசியு. ஊர் வார்டு இல்லை.

தம்பி, நீக்கிய வரிகள் போனது போனதுதான், அதே ஃபைலில் சேமித்துவிட்டேன். CSV-ஐ மறுபடி எடுக்க வேண்டும்.

பேரேட்டுக்காரர், கானாடுகாத்தான் | திங்கள், இரவு 10.52

மன்னிக்கவும், கண்ணாடி போடாமல் படித்தேன். ஆனால் கணக்கு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நாற்பது வருடம் கடையில் குறிப்பேடு, பேரேடு எழுதினேன். நீங்கள் செய்வது குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுகிற வேலை. குறிப்பேட்டில் தப்பு இருந்தால் அதைச் சுரண்டக் கூடாது, பேரேட்டில் சரிப்படுத்து என்பார் எங்கள் முதலாளி. நீங்கள் குறிப்பேட்டையே கிழித்துவிட்டீர்கள். இனிமேல் வந்த காகிதத்தை வந்தபடி ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு தாளில் வேலை செய்யுங்கள்.

கிருமி_டாக்டர், மதுரை | செவ்வாய், காலை 6.15

ஐயா சொன்னதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லியிருக்க முடியாது. CSV-ஐ மறுபடி எடுத்து, இந்த முறை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். திறக்கிற அந்த நொடியிலேயே தேதி மாறிவிடுகிறது. எக்செலில் `Data > From Text/CSV` வழியாகப் போய், எல்லா காலத்தையும் முதலில் டெக்ஸ்டாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தேதிக் காலத்துக்கு மட்டும் `Using Locale` கொடுத்து `English (India)` தேர்ந்தெடுங்கள். நோயாளி எண்ணை டெக்ஸ்டாகவே விடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்து 004512 ஒரு இடத்தில் 4512 ஆகும், ஒரே ஆள் இரண்டு ஆள் ஆவார்.

தம்பியின் ஃபார்முலா, எல்லா வரியும் சாஃப்ட்வேரிலிருந்து வந்திருந்தால் வேலை செய்யும். ஆனால் பட்டியலில் யாராவது கையால் சேர்த்த வரி ஒன்றிரண்டு இருந்தால், சரியாக இருந்த தேதியை அது பிடித்துத் திருப்பிவிடும். எது கையால் சேர்த்தது என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதனால் சோதனை ஒன்று செய்யுங்கள். லேப் எண் வரிசையாகத்தான் ஏறும். லேப் எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, பக்கத்தில் தேதி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். எண் ஏறி, தேதி இரண்டு மாதம் பின்னால் குதித்தால் அந்த வரி கோளாறு. ஒரு நாள் முன்னே பின்னே இருப்பது சகஜம், இரவில் எடுத்த சாம்பிள் காலையில் லேபுக்குப் போயிருக்கும்.

இன்னொரு அடையாளம்: திருப்பிப் போன தேதிகளில் நாள் எப்போதும் உண்மையான மாதத்தின் எண்ணாக இருக்கும். மார்ச் முதல் 12 நாட்கள் ஒவ்வொரு மாதமும் 3-ம் தேதியாகத் தெரியும், ஏப்ரல் 4-ம் தேதியாகத் தெரியும். உங்கள் 74 வரியில் 3, 4 தவிர வேறு தேதி இருந்ததா?

ஐசியு_செவிலி | செவ்வாய், மதியம் 2.20

பார்த்தேன் டாக்டர். எல்லாமே 3, இல்லாவிட்டால் 4. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மறுபடி எடுத்தேன். 186 வரியும் மார்ச் 1-க்கும் ஏப்ரல் 28-க்கும் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டன. லேப் எண்ணோடு ஒத்துப் பார்த்ததில் மூன்று வரி மட்டும் இடித்தது. மூன்றும் லேபில் கையால் சேர்த்தவை, பதிவேட்டைப் பார்த்துச் சரி செய்தேன்.

இப்போது பிவட் குழு ஆகிறது. ஆனால் கிருமிக் காலத்தில் 61 பெயர்கள்! க்ளெப்சியெல்லா மட்டும் ஒன்பது விதமாக எழுதியிருக்கிறது. அதில் இரண்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன, ஆனால் பிவட் தனித்தனியாகக் காட்டுகிறது.

எக்செல்_தம்பி | செவ்வாய், மதியம் 2.34

பின்னால் ஸ்பேஸ் இருக்கும் அக்கா. `TRIM` போடுங்கள். போகவில்லை என்றால் அது சாதாரண ஸ்பேஸ் இல்லை, வெப் பக்கத்திலிருந்து வரும் வேறு ஒன்று. `SUBSTITUTE(F2,CHAR(160)," ")` போட்டு, அதன் மேல் `TRIM` போடுங்கள். அப்புறம் `Find & Replace`-இல் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம்.

தேவகோட்டை_லேப் | செவ்வாய், மாலை 4.10

பெயர் மாற்றுவதில் கவனம். போன வருடம் எங்கள் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பச்சிளங்குழந்தைப் பிரிவில் திடீரென்று க்ளெப்சியெல்லா எண்ணிக்கை ஏறியது. எல்லாரும் ஓடினோம், தொட்டி முதல் குழாய் வரை ஸ்வாப் எடுத்தோம். கடைசியில் பார்த்தால், லேப் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதில் என்டரோபேக்டர் ஏரோஜீன்ஸ் என்று இருந்தது க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் ஆகியிருந்தது. 2017-லேயே பெயர் மாறிவிட்டது, எங்கள் சாஃப்ட்வேருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. நாங்கள் பட்டியலில் பேரினப் பெயரை மட்டும் வைத்து எண்ணினோம். கிருமி அதேதான், எண்ணிக்கையும் அதேதான், பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

அதனால் அக்கா, உங்கள் பிரச்சினையும் இந்த மாதிரி ஏதாவதுதான் இருக்கும். பயப்படாதீர்கள்.

கிருமி_டாக்டர், மதுரை | செவ்வாய், இரவு 8.00

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்துவிட்டுப் பயப்படுவோமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

`Find & Replace` வேண்டாம். தனித் தாளில் இரண்டு காலம் போடுங்கள்: இடப்பக்கம் லேப் எழுதிய 61 பெயர்கள் அப்படியே, வலப்பக்கம் நீங்கள் கொடுக்கும் ஒரே பெயர். பட்டியலில் புதுக் காலம் திறந்து `XLOOKUP`-ஆல் இழுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் புதிதாக ஒரு பெயர் வந்தால் அது `#N/A` என்று தானாகக் கை தூக்கும். மாற்றியெழுதினால் எதை எதாக மாற்றினோம் என்பது இரண்டு நாளில் நமக்கே மறந்துவிடும்.

வலப்பக்கம் எழுதும்போது ஒரு விதி: லேப் சொன்னதற்கு மேல் நீங்கள் சொல்லக் கூடாது. `K.pneumo`, `Kleb pneumoniae` இரண்டும் ஒன்றுதான், சேர்க்கலாம். வெறும் `Klebsiella sp` என்றால் அது தனி. `NFGNB` என்று போட்டிருந்தால், அது எந்தக் கிருமி என்று லேப் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அசினெட்டோபேக்டராக இருக்கலாம், சூடோமோனாஸாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதை எதிலும் சேர்க்காதீர்கள். ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம். எத்தனை `NFGNB`, எந்த சாம்பிளில் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

ஐசியு_செவிலி | செவ்வாய், இரவு 10.15

61 பெயர் 19 ஆகிவிட்டது. `NFGNB` இரத்தத்தில் நாலு. அதோடு பர்க்கோல்டேரியா செபாசியா மூன்று வரி, `B.cepacia complex` ஒரு வரி, எல்லாம் இரத்தம். போன 12 மாத அறிக்கையில் பர்க்கோல்டேரியா மொத்தமே இரண்டுதான்.

கிருமி_டாக்டர், மதுரை | செவ்வாய், இரவு 10.22

அந்த நாலு `NFGNB`-யின் மருந்து முடிவுகளைப் பாருங்கள். கோலிஸ்டினுக்கு அசையவே இல்லை, ஜென்டாமைசின், அமிகாசினுக்கும் இல்லை, ஆனால் கோட்ரைமாக்சசோல், செஃப்டாசிடைம் கேட்கிறது என்றால், பர்க்கோல்டேரியாவின் ஜாடை. கோலிஸ்டின் அதற்கு இயற்கையிலேயே வேலை செய்யாது. டிஸ்க் முறையில் வந்த கோலிஸ்டின் முடிவை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது, அது நம்பத் தகுந்தது அல்ல. இங்கே சந்தேகப்பட மட்டும் உதவும். ஜாடையை வைத்துப் பெயரை மாற்றிவிடாதீர்கள். லேபில் அந்தத் தட்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

ஐசியு_செவிலி | புதன், மாலை 6.50

நாலில் மூன்றை எடுத்து வைத்திருந்தார்கள். மறுபடி பார்த்ததில் மூன்றுமே பர்க்கோல்டேரியா. நாலாவது தட்டு இல்லை, அதை `NFGNB` என்றே விட்டுவிட்டேன்.

இரத்தத்தில் பர்க்கோல்டேரியா மொத்தம் ஏழு வரி. `Remove Duplicates` கொடுத்தேன், ஆறு பேர். ஆனால் வார்டு பார்த்தால் ஆண்கள் வார்டு, தனி அறை, பெண்கள் வார்டு, ஐசியு, ஓபி என்று சிதறிக் கிடக்கிறது. ஒரே வார்டில் இரண்டுக்கு மேல் இல்லை. அப்படியானால் க்ளஸ்டர் இல்லைதானே?

கிருமி_டாக்டர், மதுரை | புதன், இரவு 9.05

இரண்டு விஷயம். முதலில் அந்த ஏழாவது வரி. `Remove Duplicates` மேலிருந்து கீழே வரும்போது முதலில் பார்க்கிற வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். லேப் பட்டியல் பெரும்பாலும் புதியது மேலே என்று வரும். அப்படியானால் அந்த நோயாளியின் இரண்டாவது கல்ச்சர் மிஞ்சி, முதல் கல்ச்சர் போயிருக்கும். முதலில் சாம்பிள் தேதியைப் பழையது மேலே என்று வரிசைப்படுத்திவிட்டுத்தான் நீக்க வேண்டும். க்ளஸ்டருக்கு வேண்டியது அந்த ஆளிடம் அந்தக் கிருமி முதலில் தலைகாட்டிய நாள்.

இரண்டாவது, அந்த வார்டு காலம் எதைச் சொல்கிறது? சாம்பிள் எடுத்தபோது நோயாளி இருந்த இடமா, ரிப்போர்ட் அச்சடித்தபோது இருந்த இடமா? பல சாஃப்ட்வேர்களில் இரண்டாவதுதான் வரும். கல்ச்சர் முடிய மூன்று, நாலு நாள் ஆகிறது, அதற்குள் ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். ஆறு பேர்தானே, கேஸ் ஷீட்டை எடுத்து ஒவ்வொருவராகப் பாருங்கள். சேர்ந்த தேதி, ஐசியுவில் இருந்த தேதிகள், சாம்பிள் எடுத்த தேதி.

எக்செல்_தம்பி | புதன், இரவு 9.12

`Remove Duplicates` வரிசையைப் பார்க்கும் என்று எனக்கே தெரியாது டாக்டர். எத்தனை ஃபைலில் அப்படிச் செய்தேனோ.

ஐசியு_செவிலி | வியாழன், மாலை 5.30

மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் உட்கார்ந்து ஆறு கேஸ் ஷீட்டையும் பார்த்தேன். டாக்டர் சொன்னது அப்படியே. எண் மாற்றி எழுதுகிறேன்.

முதல் ஆள், சாம்பிள் மார்ச் 26, ஐசியுவில். லிஸ்டில் ஆண்கள் வார்டு. இரண்டாம் ஆள், மார்ச் 29, ஐசியுவில். லிஸ்டில் தனி அறை. மூன்றாம் ஆள்தான் இரண்டு கல்ச்சர் உள்ளவர். முதலாவது ஏப்ரல் 2, `NFGNB` என்று வந்திருந்தது. நான் வைத்துக்கொண்டது ஏப்ரல் 7-ஐ. நாலாவது அம்மாவுக்கு சாம்பிள் ஏப்ரல் 5-ல் பெண்கள் வார்டில் எடுத்தார்கள், ஆனால் ஐசியுவிலிருந்து வந்தது ஏப்ரல் 4 மாலை. ஐந்தாவது ஆள் ஏப்ரல் 7-ல் சேர்ந்து 8-ல் சாம்பிள். ஆறாவது ஆள் ஏப்ரல் 11, டயாலிசிஸுக்கு வந்துபோகிற ஓபி நோயாளி.

முதல் இரண்டு தேதியும் டெக்ஸ்டாக இருந்து நான் நீக்கியவை. ஏப்ரல் 2, 5, 8, 11 நாலும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஓடிப்போனவை. அந்த 14 வரியில் இவர்களில் ஒருவர்கூட இல்லை.

தேவகோட்டை_லேப் | வியாழன், மாலை 6.05

ஐந்தாவது ஆள் கணக்கில் வரமாட்டார் அக்கா. சேர்ந்த மறுநாளே பாசிட்டிவ். மூன்றாம் நாளிலிருந்து வந்தால்தான் ஆஸ்பத்திரித் தொற்று. வெளியிலிருந்து கொண்டுவந்தது.

ஐசியு_செவிலி | வியாழன், மாலை 6.20

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருக்கு இது இரண்டாவது அட்மிஷன். ஒவ்வொரு தடவை சேரும்போதும் புது ஐபி எண் கொடுக்கிறோம், லிஸ்டில் அது மட்டும்தான் இருக்கிறது. நிரந்தர எண்ணை வைத்துத் தேடினால், எங்கள் ஐசியுவில் எட்டு நாள் இருந்து ஏப்ரல் 3-ல்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கிருமி_டாக்டர், மதுரை | வியாழன், இரவு 9.30

அருமை. நாலாவது அம்மாவுக்கு விதி தெளிவு: வார்டு மாறிய நாளிலோ மறுநாளிலோ வந்தால் பழைய வார்டின் கணக்கு. அவர் ஐசியு. ஐந்தாவது ஆளை, மாத விகிதம் கணக்கிடும்போது தேவகோட்டைத் தம்பி சொன்னபடி ஐசியு கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் க்ளஸ்டர் தேடுகிற அட்டவணையில் அவரை விட்டால் ஒரு சாட்சியை விடுகிறோம். நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள்.

தேவகோட்டை_லேப் | வியாழன், இரவு 9.44

அதில் எனக்கு உடன்பாடு இல்லை டாக்டர். ஒரே மருத்துவமனை, ஒரே மாதம், இரண்டு அட்டவணையில் இரண்டு எண்ணிக்கை. கமிட்டியில் நிர்வாகத்தினர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

கிருமி_டாக்டர், மதுரை | வியாழன், இரவு 9.51

பிடித்துக்கொள்ளட்டும். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

ஐசியு_செவிலி | வியாழன், இரவு 11.10

நட்சத்திரத்தோடு இதுதான் நாளைக்கு. மாதமாகப் போட்டால் மார்ச்சில் இரண்டு, ஏப்ரலில் நாலு என்று உடைந்துவிடுகிறது. வாரமாகப் போட்டேன்:

```
Burkholderia cepacia complex, blood, first isolate per patient
Ward            24-30 Mar   31 Mar-6 Apr   7-13 Apr
ICU                 2            2            1*
Dialysis (OP)       0            0            1
```

கிருமி_டாக்டர், மதுரை | வியாழன், இரவு 11.20

17 நாளில் ஆறு பேர், போன 12 மாதத்தில் இரண்டு. இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை. கமிட்டியில் இரண்டு கேள்வி வரும், பதிலோடு போங்கள். அந்த வாரங்களில் வழக்கத்தைவிட அதிகமாக பிளட் கல்ச்சர் அனுப்பினீர்களா? ஆறு பேருக்கும் உண்மையிலேயே காய்ச்சல் இருந்ததா? ஆள் நன்றாக இருந்து பாட்டில் மட்டும் பாசிட்டிவ் என்றால், இரத்தம் எடுக்கும்போது தோலில் தடவிய திரவத்திலேயே கிருமி இருந்திருக்கலாம். பர்க்கோல்டேரியாவுக்குத் தண்ணீரும் கிருமிநாசினியும் வீடு மாதிரி.

இன்னொன்று, ஆறு பேரின் மருந்து முடிவும் ஒரே மாதிரி இருப்பதால் "ஒரே மூலம்" என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் கிருமியில் அந்த வரிசை பொதுவாகவே அப்படித்தான் வரும். சந்தேகம் என்று மட்டும் எழுதுங்கள்.

ஐசியு_செவிலி | வெள்ளி, இரவு 8.45

கூட்டம் முடிந்தது. கல்ச்சர் எண்ணிக்கை வழக்கம்போலத்தான், ஆறில் ஐந்து பேருக்கு நல்ல குளிர்க்காய்ச்சல். நட்சத்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள், தேவகோட்டைத் தம்பி சொன்ன மாதிரியே.

ஐசியு டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: லைனை ஃப்ளஷ் செய்ய சலைன் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? 500 மில்லி பாட்டிலில் ஊசியைக் குத்திவைத்து நாள் முழுக்க அதிலிருந்து எடுக்கிற பழக்கம் எங்கள் ஐசியுவில் இருக்கிறது. இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். திறந்த பாட்டில், திறக்காத பாட்டில், கிருமிநாசினி மூன்றும் லேபுக்குப் போயிருக்கின்றன.

ஆனால் டயாலிசிஸ் ஆள்தான் இடிக்கிறார். டயாலிசிஸ் பிரிவில் தனித்தனி சிறு குப்பிதான் பயன்படுத்துகிறார்கள், நானே போய்ப் பார்த்தேன்.

பேரேட்டுக்காரர், கானாடுகாத்தான் | வெள்ளி, இரவு 9.10

ஆத்தா, ஒரு கணக்கு இடித்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ரொக்கம் கைமாறிய சின்னச் சீட்டுகளை. அவர் ஐசியு பக்கமே போகவில்லை என்று எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

ஐசியு_செவிலி | சனி, காலை 11.25

ஐசியு அட்மிஷன் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னேன் ஐயா. இன்று டயாலிசிஸ் நர்ஸின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் 9: "கழுத்து கதீட்டர் மாற்ற ஐசியுவுக்கு அனுப்பப்பட்டது, 40 நிமிடத்தில் திரும்பினார்." படுக்கை கொடுக்காததால் பதிவேட்டில் ஏறவில்லை.

பாட்டில் கல்ச்சர் இன்னும் வரவில்லை.